ராதாகிருஷ்ணன் படிக்காத டெண்டர் நோட்டீஸ்

கிள்ளானில் சின்னச் சின்னச் சாலை வேலைகளை எடுத்துச் செய்பவள் தாமரை. சிறு வேலைகளுக்கான ஜி2 தரத்தில் பதிவு பெற்ற குத்தகையாளர். டெண்டர் நோட்டீஸ் வந்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தேநீரே குடிப்பாள். அதே ஊரில், அதே ஜி2வில் இருந்த ராதாகிருஷ்ணனுக்கு நோட்டீஸ் படிக்கும் பழக்கமே கிடையாது. தாமரையின் கார் எங்கே போகிறதோ அங்கே தன் வெள்ளை ஹைலக்ஸ் வண்டியை விடுவார். அவள் எந்த ஆலையில் தார்க்கலவை விலை கேட்டாள் என்று விசாரித்து, அவள் போடக்கூடிய தொகையை ஊகித்து, அதற்குக் கொஞ்சம் கீழே எழுதிப் போடுவார். போன வருஷம் இரண்டு வேலை அப்படித்தான் அவள் கையை விட்டுப் போயின.

இந்த முறை மேரு பக்கம் ஒரு கம்பத்துக் கிராமச் சாலையைச் சீரமைக்கும் வேலை. நோட்டீஸில் எல்லாம் தெளிவாக இருந்தது. கட்டுமான வாரியமான சிஐடிபியில் ஜி2 பதிவு வேண்டும், சாலை வேலைக்கான பிரிவும் அரசு வேலைக்கான சான்றிதழும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இடத்தைப் பார்வையிடுவது கட்டாயம். சான்றிதழில் பெயர் உள்ளவரே அசலுடன் வர வேண்டும். வந்து கையெழுத்துப் போட்டவருக்கு மட்டுமே ஐம்பது வெள்ளிக்கு ஆவணம், அந்தப் பணம் திரும்பக் கிடையாது. உறையை ஒட்டி, டெண்டர் எண்ணை எழுதி, வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் பெட்டியில் போட வேண்டும். வழக்கமாகக் கிள்ளான் அலுவலகத்தில் இருக்கும் பெட்டி, இந்தத் தடவை ஷா ஆலம் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்.

பார்வையிடும் நாளில் ராதாகிருஷ்ணன் தாமரைக்குப் பின்னாலேயே வந்து இறங்கினார். சான்றிதழை எப்போதும் வண்டியிலேயே வைத்திருப்பார், அதனால் தப்பித்தார். கையெழுத்துப் போட்டு ஆவணமும் வாங்கிவிட்டார். விலைப் பக்கங்களை நிரப்ப அவருக்கு ஓர் ஆள் உண்டு. மற்ற பக்கங்களை யாரும் புரட்டவில்லை.

தாமரை புதன்கிழமையே ஷா ஆலம் போய் உறையைப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். வியாழன் காலை பிரிக்ஃபீல்ட்ஸில் தையல்காரரிடம் ரவிக்கை வாங்கக் கிளம்பினாள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கண்ணாடியில் வெள்ளை ஹைலக்ஸ் தெரிந்தது. தாமரையின் பக்கத்து இருக்கையில் தங்கை புனிதா.

"அக்கா, அவரு பின்னாலயே வராரு. முன்கண்ணாடிகிட்ட உறை தெரியுதுலா!"

"தெரியுது."

"பெட்டி எங்கன்னு அவருக்குத் தெரியாதா?"

தாமரை வண்டியை ஓட்டிக்கொண்டே போனாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கையை வாங்கினாள். ராதாகிருஷ்ணன் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, செல்பேசியில் பேசுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பத்தான் நினைத்திருந்தாள். ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ குறும்பு எழுந்தது.

"புனிதா, சாத்தே சாப்பிடுவோமா? காஜாங் போலாம்."

"இப்பவா?"

"இப்பதான்."

ஷா ஆலமுக்கு எதிர்த்திசையில் இருந்த காஜாங்கில் இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து, தணலில் சுட்ட கோழி சாத்தே பத்துக் குச்சி வாங்கி, கடலைக்குழம்பில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். பதினொன்று இருபதுக்கு ராதாகிருஷ்ணன் பொறுக்க முடியாமல் மேசைக்கே வந்துவிட்டார். கையில் உறை.

"என்ன தாமரை, டெண்டர் போடலையா? இன்னைக்குத்தானே கடைசி?"

"நேத்தே போட்டுட்டேன்ணே."

"நேத்தேவா? எங்க போட்ட?"

"நோட்டீஸ்ல இருக்கேண்ணே. ஷா ஆலம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து புனிதா தண்ணீர்க் குவளைக்குள் சிரித்தாள். "பன்னிரண்டு மணிக்கு மூடிருவாங்க," என்று தாமரை பவ்யமாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவர் ஷா ஆலம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு ஏழு. பெட்டியின் வாயைப் பூட்டியிருந்தார்கள். முகப்பிலிருந்த பெண் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.

பிறகு அறிவிப்புப் பலகையில் பெயர்கள் இல்லாமல் எண்களோடு விலைப் பட்டியல் ஒட்டினார்கள். சில வாரங்கள் கழித்து ஏற்புக் கடிதம் தாமரைக்கு வந்தது. வாங்கும்போது சந்தோஷத்தோடு சின்ன உறுத்தலும் இருந்தது. 'நான் பொய் ஒண்ணும் சொல்லலையே' என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு நோட்டீஸ். தாமரை வழக்கம்போல் இரண்டு தடவை படித்து, வெள்ளிக்கிழமை பார்வையிடுதல் என்று நாட்காட்டியில் குறித்துவைத்தாள். வியாழன் காலை ஒன்பது ஐம்பதுக்கு, அவள் பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் மாட்டியிருந்தபோது ராதாகிருஷ்ணனிடமிருந்து அழைப்பு.

"தாமரை, எங்கம்மா இருக்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்ணே. ஏன்?"

"இல்ல, நேத்து இணையத்துல திருத்த நோட்டீஸ் ஒண்ணு போட்டாங்க. பார்வையிடறது வெள்ளி இல்லயாம், இன்னைக்காம். பத்து மணிக்கு. நான் கிள்ளான்ல சைட்டுலதான் நிக்கிறேன். காத்து நல்லா வீசுதுலா!"

தாமரை ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பிறகு தனக்கே அடங்காமல் சிரித்தாள்.

"யாருண்ணே உங்களுக்குப் படிச்சுக் காட்டுனது?"

"நானேதான். ரெண்டு தடவ!"