வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் தேதி

எங்கள் ஆபீஸில் தேதி எழுதுவது என் ராஜ்யம். மரக்காணம் ஈசிஆர் ரோட்டுமேல் இருக்கும் ஒரு சின்ன உப்புக் கம்பெனி. முதலாளி ஆல்பர்ட் சார், அவருடைய அக்கா மகன் மார்ட்டின், நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சென்னைக்குப் போகும் ஒவ்வொரு மெயிலையும் நான்தான் அடிப்பேன். மார்ட்டின் பி.காம் படித்தவன், ஆனாலும் இங்கிலீஷில் இருபத்திரண்டாம் தேதி எழுதும்போது 22-க்குப் பின்னால் டிஹெச் (th) போடுவான். இரண்டில் முடிந்தால் என்டி, மூன்றில் முடிந்தால் ஆர்டி, ஒன்றில் முடிந்தால் எஸ்டி. ஆனால் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று மூன்றுக்கும் டிஹெச்தான் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "கிறிஸ்டிக்கா, இதெல்லாம் யாரு பாக்கறா" என்பான். நான் பார்ப்பேன். பார்த்துத் திட்டுவேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

போன மே மாதக் கடைசியில் ஆல்பர்ட் சார் ஒரு வேலை சொன்னார். சென்னையில் எங்களிடம் உப்பு எடுக்கும் உணவுக் கம்பெனியிலிருந்து தர ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள். அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வருஷத்துக்கும் நம்மிடம் எடுப்பார்கள். உப்பு வாருவதை நேரில் பார்க்க வேண்டுமாம், அதனால் காலை எட்டு மணிக்கே உப்பளத்துக்கு வந்துவிடுவார்களாம்.

"ஜூன் பதினொண்ணுன்னு போட்டு மெயில் அனுப்பிடும்மா."

போன வருஷமும் இதே கம்பெனி ஆய்வுக்கு வந்தது. அந்த மெயிலை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் வெள்ளிக்கிழமை, பதிமூன்றாம் தேதி என்று இருந்தது. பதிமூன்றைப் பதினொன்றாக்கினேன். வருஷத்தை மாற்றினேன். பதினொன்றுக்கு டிஹெச் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கிழமைக்குப் பின்னால் கமா இருக்கிறதா, இருந்தது. நாள் முன்னால் வந்து மாதம் பின்னால் வந்தால் மாதத்துக்கும் வருஷத்துக்கும் நடுவில் கமா கூடாது, இல்லை. திரையில் அந்த வரி அழகாக நின்றது:

Friday, 11th June 2026, 8.00 a.m.

அனுப்பினேன். மறுநாளே சத்யப்ரியா என்ற அதிகாரியிடமிருந்து 'குறித்துக்கொண்டோம், நன்றி' என்று பதில் வந்தது.

சாயங்காலம் மூர்த்தி அண்ணன் வந்தார். தட்சணாமூர்த்தி என்பது முழுப்பெயர், அளத்து மேஸ்திரி, இருபத்திரண்டு வருஷமாக இங்கேதான். இங்கிலீஷ் படிக்க வராது. எந்த மெயில் வந்தாலும் நான் படித்துச் சொல்ல வேண்டும், அவர் நின்றபடியே கேட்டுக்கொள்வார்.

"என்னைக்கும்மா வர்றாங்க?"

மெயிலைப் பார்த்துச் சொன்னேன். "வெள்ளிக்கிழமைண்ணே. இந்த வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளி. காலைல எட்டு மணி."

அளத்தில் யாரும் தேதி பேசுவதில்லை. கிழமைதான். கூலி, லீவு, லாரி எல்லாமே கிழமைக் கணக்கு. மூர்த்தி அண்ணன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப வியாழக்கிழமை வாராம வுட்டுட்டு வெள்ளிக்கிழமை புதுசா வாரிக் காட்டலாம். பாக்கறதுக்கு நல்லா இருக்கும்" என்றார். நல்ல யோசனைதான்.

வியாழக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கு நான் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஆல்பர்ட் சார் சலவைச் சட்டையோடு காரிலிருந்து இறங்கினார். ஆய்வு முடிந்து அவர்களை டிபனுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். இன்றைக்கு எதற்குச் சலவைச் சட்டை என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் போன் அடித்தது. எதிர்முனையில் சத்யப்ரியா. அளத்தில் முக்கால் மணி நேரமாக நிற்கிறார்களாம். கொட்டகை பூட்டியிருக்கிறதாம். ஓர் ஆள்கூட இல்லையாம். அவர்களுக்கு அடுத்து கடலூரில் வேலை இருக்கிறது, கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சார் மூர்த்தி அண்ணனுக்குப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அவர் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார். ஆட்களுக்கெல்லாம் அன்று லீவு.

"அந்த மெயிலை எடு."

எடுத்துக் கொடுத்தேன். சார் விரலை வைத்துப் படித்தார். விரல் நேராக எண்ணுக்குப் போனது. "பதினொண்ணு. இன்னைக்குப் பதினொண்ணு. தெளிவா போட்டிருக்கியே. அந்த மூர்த்தி என்னத்தக் கேட்டான்?"

அவர் விரலுக்குப் பக்கத்திலேயே Friday இருந்தது. அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. சுவரில் தொங்கும் காலண்டரில் பதினொன்று வியாழக்கிழமைக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. போன வருஷத்து வெள்ளிக்கிழமையை அழிக்காமல் விட்டிருக்கிறேன். சென்னைக்காரர்கள் எண்ணைப் பார்த்து வந்தார்கள். அளத்துக்காரர்களுக்கு நான் கிழமையைப் படித்துச் சொன்னேன். இரண்டு பேருக்கும் ஒரே வரிதான், இரண்டு நாள் கொடுத்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து நாலு வார்த்தை. நான் சொல்லவில்லை. சாரின் கோபம் எனக்குத் தெரியும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் கேவலமானது. மார்ட்டின் பக்கத்து மேசையில் இருந்தான். அவன் முன்னால் தேதியில் நான் தப்புவிட்டேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூர்த்தி அண்ணன் பதினெட்டு ஆட்களையும் ஆறு மணிக்கே இறக்கி, பாத்தியெல்லாம் தயார் செய்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். முந்தின நாள் அவருடைய போனில் சார்ஜ் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஒன்பது மணிக்கு சார் அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"மெயில்ல பதினொண்ணுன்னு இருக்குது. நீ பன்னெண்டாந் தேதி ஆளை வச்சிக்கிட்டு நிக்கற. நேத்து கோயிலுக்குப் போயிட்ட. இதான் உன் பொறுப்பா?"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்ன மாதிரி..." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் கீபோர்டைப் பார்த்தேன்.

சார் அதற்குமேல் கேட்கவில்லை. "போதும் மூர்த்தி. திங்கக்கிழமை வந்து சாவிய குடுத்துட்டுப் போயிடு."

வெளியே போகிற வழியில் அவர் என் மேசை அருகே நின்றார். "நான்தான் காதுல தப்பா வாங்கிட்டேன் போலம்மா. கொஞ்ச நாளாவே வூட்ல சொல்றாங்க, கூப்புட்டா திரும்பறதில்லன்னு. வயசாவுதில்ல. நீங்க சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"சரிங்கண்ணே" என்றேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குமேல் வரவில்லை.

சனிக்கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு 'என் பாவமே' என்று சொல்லும்போது நான் மட்டும் கையை மடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மீன் குழம்பு வைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். உப்புக் கம்பெனிக்காரி என்று என் புருஷன் கிண்டல் செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார், தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை காலை சார் உள்ளறையிலிருந்து சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டிருந்தேன். சென்னைக்கு மன்னிப்பு மெயில். 'எங்கள் மேஸ்திரியின் அலட்சியத்தால் நேர்ந்தது, அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், வேறு நாள் கொடுங்கள்.' அடித்து முடிப்பதற்குள் மூர்த்தி அண்ணன் சாவிக்கொத்தோடு வந்தார். சாவியை என் மேசைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார்.

"சனிக்கிழமை பாண்டிக்குப் போய் காது டெஸ்ட் பண்ணேம்மா. ஒரு ரூம்ல உக்கார வச்சி, காதுல மாட்டி, சத்தம் கேட்டா கைய தூக்கச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் தூக்குனேன்." தாளை என் பக்கம் திருப்பினார். "காது நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இங்கிலீஷ்ல இருக்குது. சரியாத்தான் எழுதியிருக்காங்களான்னு நீங்க படிச்சிச் சொல்லுங்க."

படித்தேன். இரண்டு காதும் வயதுக்கு நன்றாகவே கேட்கின்றன என்றுதான் இருந்தது. மேலே தேதியும் இருந்தது, சனிக்கிழமை, பதிமூன்று, சரியாக.

"நல்லா இருக்குதுண்ணே."

"அப்ப நீங்க அன்னைக்கு என்னம்மா சொன்னீங்க?"

குரலில் கோபம் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நாலு நாளாகத் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஆள்.

"வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னேன். மெயில்லயே வெள்ளிக்கிழமைன்னு நான்தான் தப்பா போட்டேன். பதினொண்ணு வியாழக்கிழமை."

"இப்பத்தான் தெரியுமா?"

"வியாழக்கிழமையே தெரியும்."

அவர் அந்தத் தாளை மறுபடி நாலாக மடித்தார். மடிப்பதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். "சார்கிட்ட சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு வாசற்படியிலேயே நின்றார், நான் சொல்வதைக் காதால் கேட்பதற்காக.

உள்ளே போய்ச் சொன்னேன். மெயிலின் பிரதியைக் காட்டி, Friday மேல் விரலை வைத்தேன். ஆல்பர்ட் சார் அதையும் காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. தானும்தான் அதைப் படித்தோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் வாசலைப் பார்த்து, "மூர்த்தி, சாவிய எடுத்துக்க. அளத்துக்குப் போ" என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. என்னிடம், "உள்ளத உள்ளபடி எழுது. உன் பேர்லயே எழுது" என்றார்.

எழுதினேன். கிழமையைத் தப்பாகப் போட்டது நான் என்று எழுதினேன். இந்தத் தடவை மூன்று நாள் கொடுத்தேன்: செவ்வாய், பதினாறு; வியாழன், பதினெட்டு; திங்கள், இருபத்திரண்டு. கிழமைக்கும் தேதிக்கும் நடுவில் ஏற்கெனவே கமா இருக்கிறது, நாளுக்கும் நாளுக்கும் நடுவிலும் கமாவே போட்டால் எது எதோடு சேரும் என்று தெரியாது, அதனால் அங்கே அரைப்புள்ளி. ஒவ்வொன்றையும் காலண்டரில் விரலை வைத்துப் பார்த்தேன். மதியத்துக்குள் சத்யப்ரியாவின் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை என்றிருந்ததை அவள் அப்போதே கவனித்தாளாம், தேதிதான் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாளாம், ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். பதினெட்டாம் தேதி வருகிறேன் என்றாள். அவளாவது தன் பங்கை ஒரே நாளில் ஒப்புக்கொண்டாள்.

சாயங்காலம் மூர்த்தி அண்ணன் வந்தார். நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

"வியாழக்கிழமைண்ணே. பதினெட்டாந் தேதி. காலைல எட்டு மணி. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"சரிம்மா" என்று மரியாதையாகவே சொன்னார். தாளை வாங்கிக்கொண்டார். அப்படியே என் மேசையைத் தாண்டிப் போய் மார்ட்டின் முன்னால் வைத்தார்.

"ஏம்பா, இதுல என்னா கிழமை போட்டிருக்குதுன்னு படிச்சிச் சொல்லு."