பதினாலு இஞ்ச்

மட்டாஞ்சேரி நகைக்கடையின் மாடியில் வீரலட்சுமிக்கு அன்று பதினோராவது படம். பட்டியலில் உள்ள மாலையை வாடிக்கையாளரின் போட்டோவில் அணிவித்துக் காட்டுவதே அவள் வேலை. ஆர்டர் உறுதியான பிறகுதான் திருச்சூரில் மாலை செய்வார்கள். கண் எரிந்தது. தோள் கனத்தது.

பதினோராவது படம் ஷீஜாவுடையது. வெலிங்டன் தீவில் ஒரு ஓட்டலில் வேலை. அடுத்த மாதம் கல்யாணம். தைராய்டு ஆபரேஷன் செய்த தழும்பு கழுத்துக்குழிக்குச் சற்று மேலே, ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் கோடாகக் கிடந்தது. அதை மறைக்கிற மாலை வேண்டும் என்று கேட்டிருந்தாள். காலை ஷிப்டில் பிரதீஷ் செய்து வைத்த படத்தில் அது மறைந்தேயிருந்தது.

வீரலட்சுமிக்குச் சந்தேகம். படம் எடுக்கும்போது ஷீஜா கழுத்தருகே பிடித்திருந்த ஸ்கேலை அளந்தாள். திரையில் ஒரு சென்டிமீட்டருக்கு நாற்பது புள்ளி. பட்டியல்படி மாலையின் பதக்கம் நாலு சென்டிமீட்டர் அகலம், ஆக நூற்று அறுபது புள்ளி இருக்க வேண்டும். பிரதீஷின் பதக்கம் இருநூற்றுப் பத்து. அடியில் நிழலும் இல்லை; மாலை தோலைத் தொடாமல் மிதந்தது.

சரியான அளவுக்குச் சுருக்கினாள். பதினாறு இஞ்ச் மாலை கழுத்துக்குழிக்குக் கீழே இறங்கிவிட்டது. தழும்பு முழுசாகத் தெரிந்தது.

"கொஞ்சம் ஏத்தி வையி லட்சுமி, அவளுக்குச் சந்தோஷமாகட்டு," என்றார் முதலாளி சுப்புராஜ்.

"கல்யாணத்தன்னைக்கு எறங்கிப் போகுமே மொதலாளி."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. கீழே காத்திருந்த ஷீஜாவையே கூப்பிட்டுக் காட்டினாள்.

ஷீஜா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "அப்ப காலையில பாத்தது?"

"அது தப்பு. மன்னிச்சுக்கோ."

"மறைக்க வழியே இல்லையா சேச்சி?"

வீரலட்சுமி டேப்பை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றி அளந்தாள். பதினாலு இஞ்சாகக் கட்டச் சொன்னால் பதக்கம் தழும்பின் மேலேயே உட்காரும். படத்தில் சங்கிலியைக் குறுக்கி, கழுத்தின் வளைவுக்கேற்ப வளைத்து, இரு முனைகளையும் கூந்தலுக்குப் பின்னால் ஒளித்தாள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்ததால் நிழலை வலமாகப் போட்டாள்: தோலைத் தொடும் இடத்தில் மெல்லிய கோடாக, பதக்கம் சற்றுத் தூக்கி நிற்கும் இடத்தில் பரவலாக.

அப்படியும் இரண்டு ஓரத்திலும் அரை அரை சென்டிமீட்டர் தழும்பு எட்டிப் பார்த்தது.

"இத்தனைதான் முடியும் ஷீஜா. இன்னும் பெருசாக்கினா பொய்யாப் போகும்."

ஷீஜா குனிந்து திரையைப் பார்த்தாள். "ஓரம் தெரிஞ்சா தெரியட்டும். அவருக்கு ஆபரேஷன் தெரியும். கூடியிருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது." பிறகு களைத்துச் சிரித்தாள். "பதினாலு இஞ்ச்னு எழுதிக்கோங்க."

முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆர்டர் சீட்டை நீட்டினார். வீரலட்சுமி அளவை எழுதினாள். அடுத்த படத்தைத் திறக்கக் கை எழவில்லை. பைய நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.