இருபதாம் ஆண்டுக் கூலி

அடுப்பில் இருந்த எண்ணெயைப் பார்த்தபடியே கண்மணி முறுக்கு அச்சை அழுத்தினாள். வலது மணிக்கட்டில் காலையிலிருந்து ஒரு சுருக்குவலி. சென்ற தீபாவளிக்கு இதே மேசையைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் மூன்று பேர் டெக்சாஸில் கேட்டி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இப்போது கலிபோர்னியாவின் மில்பிடாஸில் அந்தச் சமையல் கூடத்தில் மிச்சம் மூவர்: கண்மணி, தனபாக்கியம், ஜூடித். எழுநூறு பெட்டி இனிப்பு, காரம். ஐந்து நாள்.

முதலாளி மகாதேவன் உள்ளே வந்து, மாவு படாத ஓரமாகப் பார்த்து மூன்று தாள்களை வைத்தான்.

"அக்கா, சும்மா ஒரு பார்மாலிட்டி. லஞ்சுக்குள்ள சைன் பண்ணிக் குடுத்துடுங்க."

அவன் கடைப்பக்கம் போனதும் ஜூடித் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் படித்தாள். கூலி போன வருடம் போலவே மணிக்கு இருபது டாலர். ஆர்டர் சீசன் முடியும்வரை வேலையை விடக் கூடாது. விட்டால் இருபது மைலுக்குள் எந்தச் சமையல் கூடத்திலும் ஒரு வருடம் வேலை பார்க்கக் கூடாது.

"இவரு மட்டும் இல்லக்கா. நஞ்சுண்டன் சார் கிச்சன், சான்டா கிளாராக்காரங்க, எல்லா ஓனரும் வாட்ஸ்ஆப் குரூப்ல பேசி வச்சிருக்காங்களாம். யாரும் இருபதுக்கு மேல குடுக்கக் கூடாது, ஒருத்தர் ஆள இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுன்னு."

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வேலயப் பாப்போமுங்க," என்றாள் தனபாக்கியம். அவள் கோயம்புத்தூர்ப் பக்கம்; மற்ற இருவரையும்விட மூத்தவள். "நம்மள என்ன கவர்னர் வேலைக்கா கூப்புடறாங்க, வேண்டாங்கறதுக்கு?"

கண்மணி தாளை வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"இந்த பேப்பர நான் எட்டு வருஷம் கிளாஸ்ல நடத்தியிருக்கேன் தனம்கா."

"இவ லெக்சரரா இருந்த கதைய ஆரம்பிச்சிட்டா. அடுப்பக் குறைச்சுட்டுச் சொல்லு, முறுக்கு கருகுது."

திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். வரலாறு. ஒரு பாடவேளைக்கு இவ்வளவு என்று கூலி. கௌரவம் பெயரில் மட்டும். கணவன் முகிலனோடு இங்கே வந்தபின் அந்தப் பாடங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தெட்டுல இங்கிலாந்துக்குள்ள பிளேக் வந்துச்சு," என்றாள். "ஒன்றரை வருஷத்துல மூணுல ஒரு பங்கு ஜனம் போச்சு. பாதி போச்சுன்னும் சொல்றாங்க. கதிர் முத்தி நிக்குது, அறுக்க ஆள் இல்ல. மிஞ்சினவன் கூலி கூடக் கேட்டான். உடனே ராஜா ஒரு உத்தரவு போட்டார். அறுவது வயசுக்குக் கீழ, நிலபுலன் இல்லாத ஆம்பள பொம்பள எல்லாரும் கூப்பிட்ட வேலைக்குப் போகணும். கூலி பழைய கூலி. அந்த ராஜா பட்டத்துக்கு வந்த இருபதாம் வருஷம் என்ன குடுத்தாங்களோ அதுதான். அதாவது பிளேக்குக்கு முந்தின கூலி. பாதியில விட்டுப் போனா ஜெயில்."

"ஆத்தாடி, அப்படியே நம்ம பேப்பர்!" என்றாள் ஜூடித்.

"ரெண்டு வருஷம் கழிச்சு பார்லிமென்ட்ல சட்டமே ஆக்கிட்டாங்க. ஆகஸ்ட் முத வாரம் கதிர் அறுத்தா நாளுக்கு ரெண்டு பென்னி, அடுத்த வாரம் மூணு. சாப்பாடு கிடையாது. கோடையில வெளியூர் வேலைக்குப் போகக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவ சத்தியம் பண்ணணும். மாட்டேன்னா காலை மரக்கட்டைல மாட்டி உக்கார வச்சிருவாங்க."

"அப்புறமென்ன, அவங்களும் சைன் பண்ணிட்டாங்கல்ல?" என்றாள் தனபாக்கியம்.

"பண்ணினாங்க. ஆனா சட்டத்த மொதல்ல ஒடச்சது யாரு தெரியுமா? பண்ணைக்காரங்களேதான். கணக்குல ரெண்டு பென்னின்னு எழுதிட்டு, பார்லி ரொட்டிக்குப் பதிலா கோதுமை ரொட்டி, இறைச்சி, கூடக் கொஞ்சம் பீர் குடுத்தாங்க. பக்கத்துப் பண்ணைலருந்து ஓடி வந்தவன எந்த ஊருன்னுகூடக் கேக்காம சேத்துக்கிட்டாங்க. சட்டம் மத்தவனுக்கு, தன் கதிரு மட்டும் அறுபடணும். கூலி ஒரு நாள்ல ஏறிடல. சாமான் விலையும் சேந்து ஏறிச்சு. நெசமாவே கை நெறைய இருபது, முப்பது வருஷம் ஆச்சு. ஆனா ஏறிச்சு. அடிமைக் குடியானவன்கூட, நிலத்தக் குத்தகைக்குத் தந்தா இருக்கேன், இல்லேன்னா போறேன்னு பேரம் பேசினான்."

தனபாக்கியம் பூந்திக் கரண்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அதில் மாவு தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"எனக்கு ரெண்டு மூட்டை பொன்னி அரிசி குடுத்தாருங்க," என்றாள் கடைசியில். "போன வாரம். உங்க கைப்பக்குவத்துக்காக, உங்களுக்கு மட்டும், மத்தவங்ககிட்டச் சொல்லாதீங்கன்னாரு."

ஜூடித்தின் முகம் சிவந்தது. "எனக்கு பெட்ரோல் கார்டு. மாசாமாசம். எனக்கு மட்டும்னுதான் சொன்னாரு."

கண்மணி முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள். அவள் வீட்டு அலமாரியிலும் இரண்டு மூட்டை இருந்தது. 'படிச்சவங்க நீங்க, உங்களுக்குப் புரியும்' என்று சொல்லித்தான் மகாதேவன் தந்தான். அந்த ஒரு வாக்கியத்தை அவள் பத்து நாளாக மனசுக்குள் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிகூட இல்லை, அந்த வாக்கியம்தான் அவளை வாங்கியிருந்தது. எட்டு வருடம் நடத்திய பாடத்தில் தான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

"எனக்கும்தான்," என்றாள். "அரிசி. அதோட ரெண்டு நல்ல வார்த்த."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது தனபாக்கியம்தான். "அடப் பாவி! மூணு பேருக்கும் 'மட்டுமா'?"

கண்மணி அடுப்பை அணைத்தாள். மற்ற இரண்டையும் ஜூடித் அணைத்தாள்.

சத்தம் நின்றதைக் கேட்டு மகாதேவன் ஓடி வந்தான். "என்னக்கா ஆச்சு? கேஸ் போச்சா?"

"கேஸ் இருக்கு சார். ஆறு பேர் வேலைய மூணு பேர் பாக்குறோம். மணிக்கு இருபத்திநாலு. எழுதிக் குடுங்க. அரிசி, கார்டு எதுவும் வேண்டாம்."

"நம்ம எல்லாம் ஒரே பேமிலிக்கா. சீசன் நேரத்துல இப்படி..."

"சீசன் நேரத்துலதான் கேக்கணும். கதிரு முத்தி நிக்கும்போதுதான் அவங்களும் கேட்டாங்க."

"எவங்க?" மகாதேவன் குழம்பினான். "அந்த பேப்பர் லாயர் எழுதினது, தெரியுமா? வேற எங்கயும் போக முடியாது."

"கலிபோர்னியாவுல அந்த பேப்பர் செல்லாது. ஸ்டேட் வெப்சைட்லயே போட்டிருக்கு. உங்க லாயர்கிட்டக் கேளுங்க."

அவர்கள் பின்கதவைத் திறந்து, வெளியே கவிழ்த்துப் போட்டிருந்த பால் பெட்டிகளில் உட்கார்ந்தார்கள். வெயில் சுள்ளென்று இருந்தது. உள்ளே மகாதேவன் போனில் கெஞ்சுவது கேட்டது. "நஞ்சுண்டன் சார், ரெண்டு நாளைக்கு ரெண்டு ஆள்... ஓ, உங்களுக்கும் ஆள் இல்லையா?"

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்மணியின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு எழுந்தாள். மகாதேவன் வாசலுக்கு வந்ததும் சத்தமாகப் படித்தாள்.

"'சிஸ்டர், நான் நஞ்சுண்டன். அங்க ஏதோ பிரச்சனைன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கே வர்றீங்களா? இருபத்தஞ்சு தர்றேன். மகாதேவனுக்குத் தெரிய வேண்டாம்.'"

மகாதேவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "குரூப்ல ரூல் போட்டதே அந்த ஆளுதான்," என்றான்.

"அப்ப இருபத்தஞ்சுங்க," என்றாள் தனபாக்கியம், எழுந்து சேலைக் கொசுவத்தை உதறியபடி.

அவன் தன் கடைத் தாளிலேயே எழுதினான். இருபத்தைந்து, மூன்று பேர், இன்றிலிருந்து. ஜூடித் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே எண்ணெயைச் சூடாக்கினாள்.

மூன்று மணி வரை பெட்டிகள் நிறைந்தன. கடைசி ஒரு மணி நேரத்தில் மட்டும் நாற்பது பெட்டி. அப்போது மகாதேவன் ஒரு வெள்ளை அட்டையும் மார்க்கரும் கொண்டு வந்தான். பழையபடி சிரித்தான்.

"அக்கா, உங்க கையெழுத்து நல்லாருக்கும். கடை வாசல்ல வைக்கணும். பெட்டிக்கு ஆறு டாலர் ஏத்துறோம். 'வேலை செய்பவர்களின் கூலி உயர்வால்'னு மேல பெருசா எழுதிடுங்க."

கண்மணி கையைக் கழுவினாள். மூவருக்கும் சேர்த்து மணிக்குக் கூடியது பதினைந்து டாலர்; பெட்டிக்கு ஆறு என்றால் அந்த நாற்பது பெட்டியில் மட்டும் இருநூற்று நாற்பது. அட்டையை மேசையில் வைத்து, நிதானமாக, பழைய கரும்பலகை எழுத்தில் எழுதினாள்: ஒரு பெட்டி நாற்பத்தெட்டு டாலர். மேலே பாதி அட்டை வெறுமையாக இருந்தது.

"காரணம் எழுதலியேக்கா?"

அவள் மார்க்கரை மூடி அவன் கையில் வைத்துவிட்டு, நாற்பத்தோராவது பெட்டியை எடுத்தாள்.