ஏரோப்ளேன் மோடில் வந்த குரல்

விமானம் மேலே ஏறியபோது எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் கணவர் கலியாணசுந்தரம் தன் இயர்பட்ஸ் இரண்டையும் என்னிடம் கொடுத்து, போனில் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டுவிட்டார். ஏரோப்ளேன் மோடு போட்டால் டவர் சிக்னல் மட்டும்தான் போகும், ப்ளூடூத்தையும் வைஃபையையும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று துபாயிலிருக்கும் மகள் இளவரசி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். விமானத்து வைஃபையை ஒரு போனுக்கு வாங்கினார். அவருடைய போனுக்கு.

நாதஸ்வரம் முடிந்துவிட்டது. என்ஜின் இரைச்சல் குறைவாகக் கேட்டதால் இயர்பட்ஸைக் கழற்றவில்லை. குளிருக்குப் போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தேன். தூங்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நிற்கும் புடவையை நினைத்துக்கொண்டிருந்தேன். அரக்கு உடல், பச்சைக் கரை. பாதி நெய்திருந்தேன். மகளைப் பார்த்துவிட்டுப் பதினைந்து நாளில் வந்து மீதியை முடிக்கலாம் என்றுதான் பழைய துணியால் மூடிவிட்டு வந்தேன்.

திடீரென்று என் இரண்டு காதுக்குள்ளும் மைத்துனர் குமரகுருவின் குரல்.

"அண்ணே, அண்ணி கையில சொல்லிட்டியா? ரிட்டன் டிக்கெட்டு உனக்கு மட்டுந்தான் பதினஞ்சு நாள்ல, அவுங்களுக்கு ரெண்டு மாசம்னு. அது இன்னும் உங்கூடவே திரும்பி வரப்போறதா நெனச்சிக்கினு கீது. தறிய பத்தி கவலப்படாத, அண்ணி பாதில வுட்ட அதே பாவுல அகிலாவ ஒக்கார வெச்சிட்டேன்."

கண்ணைத் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தி. பக்கத்தில் அவர் போனைத் தட்டுவது தெரிந்தது. மறுபடியும் அதே குரல் முதலிலிருந்து வந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இயர்பட்ஸை என்னிடம் கொடுத்ததை மறந்துபோயிருந்தார்.

"இந்த மோடுல சத்தம் வராது போலருக்குது" என்று தனக்குள் முனகினார். சத்தத்தைக் கூட்டி மூன்றாவது முறை போட்டார். 'அண்ணி கையில சொல்லிட்டியா' என்பது இப்போது காதே வலிக்கும்படி கேட்டது.

இளவரசிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், வேலைக்குத் திரும்ப வேண்டும். கேட்டிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ. அதை யோசிக்கக்கூட யாரும் எனக்கு இடம் வைக்கவில்லை. மகள், கணவர், மைத்துனர், அவர் மனைவி அகிலா எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. முப்பதாயிரம் அடி உயரத்தில், தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிறவரிடமிருந்து இத்தனை தூரத்தில் இருக்கிறேன்.

குறுக்கே ஓடும் ஊடை நூலை நான் அடித்து இறுக்குவது கொஞ்சம் கெட்டி. அகிலாவின் கை லேசு. ஒரே புடவையில் இரண்டு கை பட்டால் வெளிச்சத்தில் பிடித்தாலே கோடு போலத் தெரிந்துவிடும். தறிக்காரர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். குமரகுருவுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். நான் திரும்பி வருவேன் என்று நினைத்திருந்தால் தறியை அப்படியே விட்டிருப்பார்கள்.

போர்வையை விலக்கி, வலக் காதிலிருந்ததைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். திடுக்கிட்டார். போனில் குமரகுருவின் செய்தியை நானே தொட்டேன். இந்த முறை இருவரும் கேட்டோம்.

முடிந்த பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தார். மேகம்கூட இல்லை. பயண நேரத்தில் உன் மனசு கெடக்கூடாது என்றுதான் சொல்லவில்லை, இறங்கியதும் சொல்ல இருந்தேன் என்றார். பொண்ணுக்குத்தானே செய்யறோம் என்றார்.

"போன குடுங்க" என்றேன்.

தயங்கிக் கொடுத்தார். அகிலாவுக்கு எழுதினேன்: நான் அக்கா. தறியில் உட்கார்ந்துவிட்டாயா?

ஒரு டிக் விழுந்தது. வைஃபை மெதுவாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவளுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாவதும் விழுந்தது. அவள் குரலாகத்தான் அனுப்பினாள். என் இடக் காதிலும் அவர் வலக் காதிலும் பாதிப் பாதியாக வந்தது.

"காலையிலயே ஒக்காந்துட்டேன்கா. ஒரு சாண் ஆயிடுச்சு. உனக்குத் தெரியும்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரே. தெரியாதா?"

ஒரு சாண். பிரிக்க முடியாதது இல்லை. ஆனால் பிரித்தால் இழை நைந்துவிடும், அரக்குப் பட்டு வீணாகும். அவள்மேல் தப்புமில்லை.

எழுத்துக்களைத் தேடித் தேடி அடித்தேன். 'எழுந்திரு அகிலா. அந்த ஒரு சாணோடு நிறுத்து. பதினைந்து நாளில் வருகிறேன். மீதி நான் ஓட்டுகிறேன்.'

"கோடு தெரியுமே" என்றார் அவர், படித்துவிட்டு.

"தெரியட்டும். எறங்கனதும் எனக்கு டிக்கெட்டு மாத்துங்க."

அவர் தன் காதிலிருந்ததைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நான் அனுப்பியதற்குக் கீழே ஒரே ஒரு டிக். இரண்டாவது இன்னும் விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.