பன்னிரண்டு நாள் பாக்கி

விசா ரத்தான நாளிலிருந்து அறுபது நாள் அவகாசம். அதில் நாற்பத்தெட்டு கரைந்துவிட்டது. மீதி நாட்களுக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கப் புது ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் இந்த வளைகுடா நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்; தங்கினால் தினமும் அபராதம்.

அல் கூஸ் ஒர்க்‌ஷாப்பில் வேலை போனதைத் தேவசுந்தரம் பழைய சூப்பர்வைசரிடம் சொன்னார், தெரிந்த டிரைவர்களிடம் சொன்னார், ஏழெட்டு வாட்ஸாப் குழுக்களில் சி.வி. போட்டார். மனைவி எலிசாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தினமும் டிஃபன் பாக்ஸோடு ‘டியூட்டி’க்குக் கிளம்பினார். ஆண்பிள்ளை வீம்புக்கு எந்த நாட்டிலும் விசா தேவையில்லை.

நாற்பத்தெட்டாம் நாள், விசா விண்ணப்பங்கள் தயாரித்துத் தரும் டைப்பிங் சென்டரில் சேதுபதியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஆஃபர் லெட்டர் இல்லாம கம்பெனி விசாவுக்கு வழியில்லண்ணே. வீட்ல என்ன பண்றாங்க?"

"ஆஸ்பத்திரில நர்ஸ்."

"அப்ப சம்பளம் போதுமே! அவங்களே உங்களை ஸ்பான்சர் பண்ணலாம். ஃபேமிலி விசாவுல இருந்துகிட்டு நிதானமா வேலை தேடுங்க. அட்டெஸ்ட் பண்ண கல்யாண சர்டிபிகேட் இருக்கா?"

அன்று மாலை, ஷூவைக்கூடக் கழற்றாமல், எலிசாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவள் அலமாரியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை வச்சுத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க. ரெண்டு வருசம் வேலை இல்லாம உங்க விசாவுலதான் இருந்தேன். ஒரு நாளாவது டியூட்டிக்குப் போற மாதிரி நடிச்சேனா?"