ஸீன், காஃப், நூன்

வியாழக்கிழமை மதியம் பட்டாபிராமில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவது பத்து நிமிஷ வேலை. ஷமீலாவுக்கு வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் சொந்தம். மீதி நேரமெல்லாம் அண்ணன் வீட்டு ஹாலில் கழிந்தது. அண்ணன் பிள்ளைகள் டிவியை அணைக்கும் வரை அவள் மெத்தை சுவரோரம் சுருட்டியே கிடக்கும். படுத்தால் காலுக்கடியில் ஃப்ரிட்ஜ் உறுமும். அண்ணி வஹீதா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அவளோடு ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆவடியில், மார்க்கக் கல்வி படித்த ஆலிமா தஸ்லீமா தன் வீட்டு மாடி அறையில் பெண்களுக்குக் குர்ஆன் சொற்களைச் சொல்லித் தருவாள். ஒன்பது பேர் வருவார்கள். எல்லாரும் சின்ன வயதிலேயே ஓதக் கற்றவர்கள், ரமலானுக்கு ஒரு தடவை குர்ஆனின் முப்பது பாகமும் முடிப்பவர்கள். ஆனால் என்ன ஓதினோம் என்று கேட்டால் ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். ஷமீலாவும் அப்படித்தான். இருபது ரமலான் ஓதியிருக்கிறாள், அழகாக ஓதுகிறாள் என்று பேர் வேறு.

ஆலிமா சொல்லித் தந்த வழி எளிமையானது. அரபுச் சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், முன்னால் ஒட்டியதையும் பின்னால் ஒட்டியதையும் உரித்துப் போடுங்கள், பெரும்பாலும் மூன்று எழுத்து மிஞ்சும், அதுதான் வேர் என்பாள். "வேர் கிடைச்சா சொந்தக்காரங்க எல்லாம் கிடைச்ச மாதிரி. ஆனா சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே குணமா இருப்பாங்கன்னு நெனைச்சிடாதீங்க. ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க வசனத்துலயே போய்ப் பாக்கணும்."

வாரம் ஒருத்தி சீட்டெடுப்பாள். சீட்டில் ஒரு வேர் இருக்கும். அடுத்த வியாழன் அவள் அந்த வேரிலிருந்து வந்த சொற்களை, வேர் அகராதியைப் பார்த்து, ஒரு பெரிய தாளில் எழுதி வர வேண்டும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதை ஒரு தரம் எழுதினால் போதும். உருவம் கொஞ்சம் மாறினாலும் தனி வரி. மற்ற எட்டுப் பேரும் சும்மா இருக்க மாட்டார்கள், வீட்டில் அதே வேரைத் தேடிக் குறித்து வருவார்கள். படிப்பவள் முடித்ததும் "விட்டுப்போச்சு" என்று குரல் எழும்பும். விட்டதைக் கண்டுபிடித்தவள் அதை எழுந்து ஓதுவாள். அந்த வகுப்பில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. அதில் புலி, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு இப்போது பிள்ளைக்காக வீட்டில் இருக்கும் ரேஷ்மா. போன வாரம் ஒருத்தி விட்ட மூன்று சொல்லையும் அவளே பிடித்தாள்.

ஷமீலாவுக்கு வந்த சீட்டில் ஸீன், காஃப், நூன் என்று மூன்று அரபு எழுத்து இருந்தது.

முதல் சொல்லைத் தேட அவளுக்கு அகராதியே தேவைப்படவில்லை. அவளுடைய குர்ஆனுக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்ததே தன் கல்யாணப் பத்திரிகைதான். பன்னிரண்டு வருஷப் பழசு. மேலே எல்லார் பத்திரிகையிலும் போடும் அதே வசனம்: உங்களிலிருந்தே உங்களுக்குத் துணைகளைப் படைத்தான், அவர்களிடம் நீங்கள் அமைதி பெறுவதற்காக. அமைதி பெறுவதற்காக என்ற இடத்தில் "லிதஸ்குனூ". முன்னால் உள்ள "லி"யை உரித்தாள், "த"வை உரித்தாள், கடைசி "ஊ"வை உரித்தாள். ஸீன், காஃப், நூன். பன்னிரண்டு வருஷம் கையில் வைத்திருந்த பத்திரிகையில் இது இருந்திருக்கிறதே என்று அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

அதற்கப்புறம் வேலை சூடு பிடித்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்துவிடுவாள். இரவை ஓய்வாக ஆக்கினான் என்ற இடத்தில் ஸகன். உங்கள் வீடுகளை உங்களுக்கு அமைதியிடமாக ஆக்கினான், அங்கேயும் ஸகன். நெஞ்சில் இறங்கும் நிம்மதி ஸகீனா. குடியிருக்கும் இடங்கள் மஸாகின். எறும்பு தன் கூட்டத்தைப் பார்த்து உங்கள் மஸாகினுக்குள் போய்விடுங்கள் என்கிறது. அவன் நினைத்தால் காற்றை ஓய வைப்பான், கப்பல்கள் கடல் மேல் அசையாமல் நின்றுவிடும், அங்கேயும் இதே மூன்றெழுத்து. நீயும் உன் மனைவியும் சொர்க்கத்தில் குடியிருங்கள் என்று ஆதமுக்குச் சொன்ன "உஸ்குன்". யூசுஃப் நபியின் அழகைப் பார்த்து மலைத்துக் கையை வெட்டிக்கொண்ட பெண்களின் கையிலிருந்த கத்தி, ஸிக்கீன். ஏழைக்கு மிஸ்கீன், வறுமை அசைய விடாமல் உட்கார வைத்துவிட்டது என்று பழைய அகராதிக்காரர் சிலர் சொல்கிறார்கள் என ஆலிமா ஒருதரம் சொல்லியிருந்தாள். கத்தியும் ஏழையும் வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள் என்று சொல்பவர்களும் உண்டாம். அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

ஓய்வது, தங்குவது, வீடு, நிம்மதி. ஹாலில் மெத்தை சுருட்டிப் போட்டு வாழ்பவளுக்கு அல்லா இந்தச் சீட்டைத்தான் கொடுக்க வேண்டுமா என்று ஒரு கோபமும் வந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டே போனாள்.

செவ்வாய்க்கிழமை அறுபத்தைந்தாவது அத்தியாயத்துக்கு வந்தாள். தலாக்கைப் பற்றிய அத்தியாயம். ஆறாவது வசனம் தொடங்குவதே "அஸ்கினூஹுன்ன" என்று. அந்தப் பெண்களைக் குடியிருக்கச் செய்யுங்கள். அடுத்து "ஸகன்தும்", நீங்கள் குடியிருக்கும் இடத்தில். ஒரே வரியில் இரண்டு தரம். உங்கள் வசதிக்கேற்ப, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே அவர்களையும் குடியிருக்கச் செய்யுங்கள், அவர்களை நெருக்கித் துன்பப்படுத்தாதீர்கள். தலாக் சொல்லப்பட்டு, இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றியது.

ஷமீலா பேனாவை வைத்துவிட்டாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால், காட்டுப்பாக்கத்துப் புருஷன் வீட்டில், பள்ளிவாசல் ஜமாஅத்தில் தலாக் எழுதிக் கையெழுத்தான அன்று சாயங்காலமே அவள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள். மாமியார் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் ஹனீப் ஆட்டோ கொண்டு வந்து வாசலில் நின்றான். "இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீற? மானங்கெட்டுப் போய் ஒரு ராத்திரி இந்த ஊட்ல தங்குவியா?" என்றான். அவளும் மானத்தோடு ஏறி உட்கார்ந்தாள். இத்தாவின் மூன்று மாதவிலக்கு முடியும் வரை அது அவள் தங்க வேண்டிய வீடு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டிலும் குர்ஆன் இருந்தது, பட்டுத்துணியில் சுற்றி அலமாரி உச்சியில். அவள் ஓதியும் இருக்கிறாள், இருபது தரம், அழகாக.

கல்யாணப் பத்திரிகையை எடுத்து அந்த வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சேர்த்து வைத்தபோது சொன்ன சொல்லும், பிரியும்போது சொன்ன சொல்லும் ஒரே வேர். முதலாவதை எல்லாரும் பத்திரிகையில் தங்க எழுத்தில் போட்டார்கள். இரண்டாவதை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை. அழுகை வந்தது. அண்ணி சமையல்கட்டில் இருந்ததால் அதை அடக்கிக்கொண்டாள்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இத்தா முடிந்து வகுப்பில் சேர்ந்த முதல் நாள், வீட்டுக்காரர் என்ன பண்றார் என்று யாரோ கேட்டதற்கு, ஷார்ஜாவில் இருக்கார் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் யாராவது ஒருத்தி கேட்பாள்: "போன் பண்ணாரா? நல்லா இருக்காரா?" அவளும், நல்லா இருக்கார், அங்கே வெயில் ஜாஸ்தியாம் என்பாள். அந்த வசனத்தை ஓதினால் குரல் உடையும். உடைந்தால் ஷார்ஜாவும் உடையும். அப்புறம் அந்தப் பத்து நிமிஷ ரயிலும் இல்லை.

எனவே அந்த வசனத்தைத் தாளில் எழுதாமல் விட்டுவிட்டாள். ரேஷ்மா கண்டிப்பாகப் பிடிப்பாள். பிடித்து அவளே ஓதட்டும், தான் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை தாளைச் சுவரில் ஒட்டினாள். ஒவ்வொன்றாக ஓதினாள். எறும்புக்கு எல்லாரும் சிரித்தார்கள். காற்று ஓய்ந்து கப்பல் நின்ற இடத்தில் ஆலிமா கண்ணை மூடிக்கொண்டாள். பத்திரிகை வசனத்தைக் குரல் நடுங்காமல் ஓதிவிட்டாள். முடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

"ஏதாவது விட்டுப்போச்சா?" என்றாள் ஆலிமா.

ஒரு குரலும் எழும்பவில்லை. எட்டுப் பேரும் மடியிலிருந்த தாளைப் பார்த்தார்கள். ஷமீலா ரேஷ்மாவைப் பார்த்தாள். ரேஷ்மா தன் தாளின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தாள். விரல் இடுக்கில் 65:6 என்ற எண் தெரிந்தது.

"இல்ல ஆலிமா. எல்லாம் வந்திருச்சு" என்றாள் ரேஷ்மா.

மூன்று சொல்லைப் பிடித்த புலி, ஒரே வரியில் இரண்டு தரம் வரும் சொல்லை விட்டுவிட்டதாம். அந்த நொடியில் ஷமீலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆவடிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? இவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள்.

ரேஷ்மாதான், "ரெண்டாவது வாரத்துலேர்ந்து ராத்தா. எங்க நாத்தனார் அந்தத் தெருதான்" என்றாள்.

அப்படியென்றால் வாராவாரம் போன் பண்ணாரா என்று கேட்டதும், வெயிலுக்கு அவர்கள் உச்சுக்கொட்டியதும், எல்லாம் அவள் பொய் விழுந்துவிடாமல் ஆளுக்கு ஒரு கை கொடுத்தது. அன்பாகத்தான் செய்தார்கள். அந்த அன்புக்குள் அவள் நாலு மாதம் தனியாக உட்கார்ந்திருந்தாள், ஒன்பது பேர் நிறைந்த அறையில். அது அண்ணன் வீட்டு ஹாலைவிடப் பெரிய தனிமையாக அவளுக்குப் பட்டது.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள் ஷமீலா. பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. திரும்பி நின்று ஓதினாள். அஸ்கினூஹுன்ன என்ற இடத்தில் குரல் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, ஸகன்தும் என்று வசனத்தின் கடைசி வரை போனாள். பிறகு தமிழில் பொருளைச் சொன்னாள்.

"என்னை அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்களுக்கு யாருக்கும் இது தெரியல. நான் இதை இருபது ரமலான்ல ஓதியிருக்கேன்" என்றாள். "ஷார்ஜான்னு நான் சொன்னது பொய்."

ஆலிமா எழுந்து வந்து, கோணலாக இருந்த அந்த வரிக்கு நேரே, மற்ற வரிகளுக்குப் போட்டது போலவே சிவப்பு மையில் ஒரு டிக் போட்டாள்.

அன்று வகுப்பு சீக்கிரம் முடிந்தது. மாடிப்படியில் எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை இனிக் கேட்க முடியாது, வேறு கேள்வி யாரிடமும் தயாராக இல்லை. ஸ்டேஷன் போகும் தெருவில் ரேஷ்மா பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டாள்.

"ராத்தா," என்றாள், "இப்ப எங்க தங்கியிருக்கீங்க?"

நாலு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது.

"பட்டாபிராம்ல. அண்ணன் வீட்டு ஹால்ல" என்றாள் ஷமீலா.