எதிராளி போட்ட பந்தல்

சங்கரபாண்டி போட்ட பந்தல் புயலுக்கும் அசையாது. ஒரு தடவை கல்யாண மண்டபம்தான் அசைந்தது. தென்காசிப் பக்கம் இதை யாரும் மறுப்பதில்லை. அப்பேர்ப்பட்டவர் நிமோனியாவில் நான்கு நாளாக வென்டிலேட்டரில் கிடந்தார்.

டாக்டர் ரெஜினாவின் மேசையில், சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போவதாகச் சொல்லும் தாள். எதிரே பேனாவோடு உச்சிமாகாளி, சங்கரபாண்டியின் அண்ணன். வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. முந்தின நாள் தம்பியைக் கூப்பிட்டார், கிள்ளினார், அசைவில்லை. மூச்சிருக்கும்போதே வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

"மெசின்தான மூச்சு விடுது? அவன் போயி ரெண்டு நாளாச்சு. சும்மா சொல்லுங்க டாக்டரம்மா."

குழாயை எடுத்தால் வழியிலேயே போய்விடுவார் என்பது ரெஜினாவுக்குத் தெரியும். குரலை உயர்த்தாமல் சொன்னாள். வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்தாது. நுரையீரல் மருந்தில் தேறும்வரை மூச்சு விடும் வேலையைச் சுமக்கும். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் பேச முடியாது. குழாயைப் பொறுத்துக்கொள்ளத்தான் தூக்க மருந்து. அதனால்தான் கிள்ளியும் அசையவில்லை.

"தூங்குறவன் கிள்ளினா முழிப்பான்லா?"

"இது ராத்திரித் தூக்கமில்ல அண்ணாச்சி, மருந்து ஓடுற வரைக்கும் உள்ள தூக்கம். தினமும் காலையில நிறுத்திப் பாப்போம். இன்னைக்கு ஆறு மணிக்கு நிறுத்தியாச்சு."

"முழிச்சிருவானா?"

"உறுதி சொல்லமாட்டேன். வாங்க, பாப்போம்."

மணி ஒன்பது. கட்டிலருகே சங்கரபாண்டியின் மனைவி மூக்கம்மாள். ரெஜினா சங்கரபாண்டியின் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னாள். ஒன்றுமில்லை. உச்சிமாகாளி கூப்பிட்டார். ஒன்றுமில்லை. பேனாவின் மூடி கழன்றது.

மூக்கம்மாள் குனிந்தாள். "ஏங்க, வீட்டு முன்னால பந்தல் போட்டாச்சு. முத்தையாகிட்டதான் ஒங்க அண்ணன் சொல்லியிருக்காக."

முத்தையா முப்பது வருஷத் தொழில் எதிரி.

இமை துடித்தது. புருவம் சுருங்கியது. இருமல் கிளம்பியதும் இயந்திரம் அலறிற்று. உச்சிமாகாளி சுவரோடு ஒட்டினார்.

"பயப்படாதீங்க. இருமும்போது உள்ள அழுத்தம் ஏறும், அதான் சத்தம். இருமுறது அவர்தான், மெசின் இல்ல." நர்ஸ் குழாய் வழியே சளியை உறிஞ்சியதும் சத்தம் அடங்கிற்று. ரெஜினா சங்கரபாண்டியின் காதருகே குனிந்தாள். "அண்ணாச்சி, அந்தப் பந்தல் வேண்டாம்னா என் கையை அழுத்துங்க."

எலும்பு நோக அழுத்தினார். திறந்த கண்கள் அண்ணனைத் தேடி நின்றன.

கண்டம் இன்னும் தாண்டவில்லை, சில நாள் குழாய் வேண்டும் என்றாள் ரெஜினா. உச்சிமாகாளி பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தபடி வெளியே போய்ப் போனை எடுத்தார்.

"முத்தையா, பந்தலப் பிரி. அவன் சம்மதிக்கல."